ஐஆர்என் பார்த்ததும் பணமா, GSTR-2B வரும் வரை வரியை நிறுத்துவதா, முழுசாகக் கொடுத்துவிட்டுப் பிறகு பார்ப்பதா?

சரக்கு வாங்கும் சிறு, நடுத்தரத் தொழில்காரர்கள் அடிக்கடி மாட்டிக்கொள்ளும் கேள்வி இது. சப்ளையர் பில்லோடு வந்து நிற்கிறார், பில்லில் ஐஆர்என் என்ற பதிவு எண்ணும் க்யூஆர் கோடும் இருக்கின்றன, "இ-இன்வாய்ஸ் போட்டாச்சு, உங்க இன்புட் எங்கயும் போகாது, முழுப் பணத்தையும் கொடுங்க" என்கிறார். ஆடிட்டரோ "GSTR-2B-யில் வரட்டும், அதுவரைக்கும் வரித் தொகையைப் பிடிச்சு வைங்க" என்கிறார். இன்புட் என்பது வாங்கும்போது கொடுத்த ஜிஎஸ்டியை நாம் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்வது, GSTR-2B என்பது சப்ளையர்கள் காட்டிய பில்களிலிருந்து மாதாமாதம் நமக்கு வரும் இன்புட் பட்டியல். கொள்முதல் பார்க்கும் ஆள், "இருபது வருஷப் பார்ட்டி, இப்படியெல்லாம் பண்ணா சரக்கு வராது" என்கிறார். மூன்று பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, ஆனால் எல்லா சப்ளையருக்கும் ஒரே வழியைப் பிடித்தால் எங்காவது ஓரிடத்தில் பணம் போகும்.

எதை வைத்து முடிவெடுப்பது என்பதை முதலில் பார்த்துவிடலாம். நான் நான்கு விஷயங்களைப் பார்ப்பேன். நம் இன்புட் வரும் என்பது எந்தத் தேதியில் தெரிகிறது? தெரிந்த பிறகு விற்றவரால் அதை மாற்ற முடியுமா? அதுவரை யாருடைய பணம் முடங்குகிறது? விற்றவர் கடைசியில் வரியே கட்டவில்லை என்றால் எத்தனை மாத வரி நம் கையை விட்டுப் போயிருக்கும்? இந்த நான்காவது கேள்வியைப் பலர் கேட்பதே இல்லை. பெரிய தொகை போவது அங்கேதான்.

## ஐஆர்என் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை

2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது விற்பவர் தன் விற்பனை ரிட்டர்னான GSTR-1-ல் காட்டுவதை வாங்குபவர் GSTR-2-ல் பார்த்து ஒப்புக்கொள்வது என்றுதான் திட்டம். சில மாதங்களிலேயே GSTR-2 நிறுத்திவைக்கப்பட்டது. வாங்குபவர் தன் கணக்கின்படி, வரி கட்டும் ரிட்டர்னான GSTR-3B-யில் இன்புட் எடுத்துக்கொண்டார். விற்றவர் காட்டினாரா இல்லையா என்று யாரும் சேர்த்துப் பார்க்காத அந்த இடைவெளியில்தான் போலி பில்கள் பெருகின. பிறகு 36(4) விதி வந்தது. விற்றவர் காட்டிய இன்புட்டுக்கு மேல் 20% வரை கூடுதலாக எடுக்கலாம் என்று 2019 அக்டோபரில் ஆரம்பித்து, 10%, 5% என்று குறைத்து, 2022 ஜனவரி 1 முதல் GSTR-2B-யில் இல்லாத பில்லுக்கு இன்புட்டே இல்லை என்று ஆக்கிவிட்டார்கள். அன்றிலிருந்து, விற்றவர் ஒழுங்காகக் காட்டுகிறாரா என்று கண்காணிக்கும் வேலை நடைமுறையில் வாங்குபவர் தலையில் விழுந்தது.

இ-இன்வாய்ஸ் இந்தச் சங்கிலியின் முன்முனையில் வேலை செய்கிறது. விற்பவர் பில்லைத் தன் மென்பொருளில் போட்டதும் அது அரசின் பதிவுத் தளத்துக்குப் போகிறது. அவருடைய ஜிஎஸ்டி எண், நிதியாண்டு, ஆவண வகை, பில் எண் ஆகியவற்றிலிருந்து 64 எழுத்து நீள ஐஆர்என் உருவாகிறது. தளம் அதில் மின்னணுக் கையொப்பமிட்டு க்யூஆர் கோடோடு திருப்பி அனுப்புகிறது. அதே தகவல் விற்பவரின் GSTR-1-லும் தானாகப் போய் உட்கார்கிறது. அதாவது விற்பனை என்று அரசிடம் சொல்வதும் நமக்கு பில் கொடுப்பதும் ஒரே செயலாகிவிடுகின்றன. நமக்கு ஒரு பில், அரசுக்கு வேறு பில் என்று கொடுப்பது கடினமாகிறது.

ஆனால் ஐஆர்என் வரி கட்டிய ரசீது கிடையாது. "இந்த விற்பனையை நான் அறிவித்துவிட்டேன்" என்பதற்கு மட்டுமே அது அத்தாட்சி. GSTR-3B போட்டுப் பணம் கட்டுவது அதற்கு அடுத்த மாதம் 20-ஆம் தேதி நடக்க வேண்டிய வேறு காரியம். சட்டத்தின் 16(2)(c) பிரிவு அந்த வரி உண்மையிலேயே அரசுக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும் என்கிறது.

யார் யார் இ-இன்வாய்ஸ் போட வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2020 அக்டோபரில் 500 கோடிக்கு மேல் என்று தொடங்கிய வரம்பு படிப்படியாக இறங்கி, 2023 ஆகஸ்ட் 1 முதல் 5 கோடிக்கு மேல் என்று நிற்கிறது. 2017-18 முதல் ஏதாவது ஒரு வருடம் அதைத் தாண்டியிருந்தாலும் போதும், ஒரே பான் எண்ணில் இந்தியா முழுக்க நடந்த வியாபாரத்தையும் சேர்த்துத்தான் கணக்கு. வங்கி, காப்பீடு, லாரி போக்குவரத்து நிறுவனம் போன்ற சிலருக்கு விலக்கு உண்டு.

## வழி 1: ஐஆர்என் சரிபார்த்து உடனே முழுப் பணம்

வேகம்தான் இதன் பலம். பில் வந்த அன்றே க்யூஆர் கோடை அதற்கான செயலியில் வருடினால் விற்பவர், வாங்குபவர் ஜிஎஸ்டி எண்கள், பில் எண், தேதி, மொத்தத் தொகை எல்லாம் தெரியும். வாங்குபவர் எண் நம்முடையதுதானா என்று முதலில் பாருங்கள். தமிழ்நாட்டுக் கிளைக்கு வந்த சரக்கை கர்நாடகக் கிளையின் எண்ணில் போட்டுவிடும் தவறு அங்கேயே பிடிபடும். ஒரு மாதம் கழித்து GSTR-2B-யில் தேடி அலைய வேண்டாம். வரித் தொகை க்யூஆரில் தனியாக வராது, அதைப் பில்லில்தான் பார்க்க வேண்டும். einvoice.gst.gov.in தளத்தில் உள்நுழைந்தால் நமக்கு வந்த இ-இன்வாய்ஸ்களின் பட்டியலும் கிடைக்கும், அதோடு ஒப்பிட்டால் வேலை சுலபம்.

இதில் மறைந்திருக்கும் ஓட்டைகள் இரண்டு. முதலாவது, ஐஆர்என்-ஐ 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்யலாம். இ-வே பில் உயிரோடு இருந்தால் ரத்து செய்ய விடாது என்பது கொஞ்சம் பாதுகாப்பு. ஆனாலும் அன்றைக்கே பணம் அனுப்பாமல் மூன்றாம் நாள் தளத்தில் மறுபடி பார்த்துவிட்டு அனுப்புவது நல்லது. அச்சடித்த காகிதத்தில் இருக்கும் க்யூஆர் கோடு ரத்தானதைச் சொல்லாது.

இரண்டாவது ஓட்டை இதைவிடப் பெரியது. தானாக GSTR-1-க்குப் போன பில்லை விற்பவர் அங்கே திருத்தலாம், நீக்கவும் செய்யலாம். தொகையைக் குறைக்கலாம், வேறு ஜிஎஸ்டி எண்ணுக்கு மாற்றலாம். அப்படித் திருத்தினால் ஒரு தடயம் மிஞ்சும். GSTR-2B-யில் அந்தப் பில்லுக்கு எதிரே மூலம், ஐஆர்என் இரண்டு கட்டங்களும் காலியாக இருக்கும். கையில் ஐஆர்என் உள்ள பில் இருந்து, GSTR-2B-யில் அந்தக் கட்டம் காலியாகத் தெரிந்தால் விற்றவர் அதில் கை வைத்திருக்கிறார் என்று அர்த்தம். எழுத்துப் பிழையைத் திருத்தியிருக்கலாம், வேறு காரணமும் இருக்கலாம். கேட்டுவிடுங்கள்.

## வழி 2: GSTR-2B வரும் வரை வரித் தொகையை மட்டும் நிறுத்திவைப்பது

சரக்கு விலையைப் பேசியபடி கொடுத்துவிட்டு, ஜிஎஸ்டி தொகையை மட்டும் GSTR-2B வரும் மாதத்தின் 14-ஆம் தேதி வரை வைத்திருப்பது இந்த வழி. சப்ளையர்கள் இதைக் கேட்டதும் கோபப்படுவார்கள். ஆனால் மாதாமாதம் ரிட்டர்ன் போடுபவரிடம் தேதிகளை விளக்கினால் கோபம் குறையும். ஜூலை 5 பில்லை அவர் ஆகஸ்ட் 11-க்குள் GSTR-1-ல் காட்ட வேண்டும், ஆகஸ்ட் 14 நமக்கு GSTR-2B வருகிறது, அவர் வரி கட்ட வேண்டியது ஆகஸ்ட் 20. நாம் 14, 15-ல் கொடுத்துவிட்டால் அவர் கட்டுவதற்கு முன்பே பணம் அவரிடம் போய்விடுகிறது. அவர் கைப்பணம் எதுவும் முடங்கவில்லை.

சிலர் இன்னும் ஒரு படி மேலே போய், "நீ GSTR-3B போட்ட பிறகுதான் வரி தருவேன்" என்கிறார்கள். எனக்கு இது சரியாகப் படவில்லை. வரியை முழுசாகக் கட்டாமல் GSTR-3B போட முடியாது. பணமுடையில் இருக்கும் சிறு ஃபவுண்டரிக்காரர் நம் பணம் வந்தால்தான் கட்டுவார், அவர் கட்டினால்தான் நாம் கொடுப்போம் என்றால் இருவரும் மாட்டிக்கொள்வோம்.

இந்த வழியின் மறைமுகச் செலவு காலக்கெடுவில் இருக்கிறது. சப்ளையர் உத்யம் பதிவுள்ள குறு அல்லது சிறு நிறுவனம் என்றால், சட்டப்படி எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் போய்ச் சேர வேண்டும், தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டியை அவர் கேட்கலாம். ஜூலை 1 பில்லுக்கு ஆகஸ்ட் 14 என்பது 44-ஆவது நாள். மாத ரிட்டர்ன் போடுபவரிடம் இந்த வழி கெடுவுக்குள் சரியாகப் பொருந்துகிறது, ஆனால் தடுமாற ஒரு நாள்கூட இடமில்லை. 14-ஆம் தேதி கணக்குப் பிரிவில் ஆள் இருக்க வேண்டும்.

இன்னொரு கெடு 180 நாள். இன்புட்டை எடுத்த பிறகும் பில்லின் ஒரு பகுதியைக் கொடுக்காமலே வைத்திருந்து 180 நாள் தாண்டினால், கொடுக்காத விகிதத்துக்கு இன்புட்டை வட்டியோடு திருப்ப வேண்டும். 18% வரியுள்ள பில்லில் வரிப்பகுதி முழுவதையும் பிடித்து வைத்திருந்தால், 118-ல் 18 பங்கு இன்புட் திரும்பிப் போகும். நிறுத்திவைத்த தொகையை மறந்துபோவது இந்த வழியில் அடிக்கடி நடக்கும் விபத்து. அதற்கென்று தனிக் கணக்குத் தலைப்பு வைத்து மாதாமாதம் 14-க்குப் பிறகு அதைக் காலி செய்யுங்கள்.

இந்த வழியிலும் ஒரு ஓட்டை உண்டு. 5 கோடியைத் தாண்டிய சப்ளையர் ஐஆர்என் இல்லாமல் சாதாரணப் பில் கொடுத்துவிட்டு, GSTR-1-ல் கையால் பதிவு செய்தால், அது GSTR-2B-யில் சமர்த்தாக வந்து நிற்கும். ஆனால் 48(5) விதிப்படி இ-இன்வாய்ஸ் போட வேண்டியவர் அது இல்லாமல் கொடுத்த பில் பில்லே அல்ல. தணிக்கையில் அதை வைத்து நம் இன்புட்டைக் கேள்வி கேட்கலாம். GSTR-2B-யை மட்டும் பார்ப்பவர் கண்ணுக்கு இது தெரியாது. சப்ளையர் ஜிஎஸ்டி எண்ணைப் போட்டு இ-இன்வாய்ஸ் நிலையைத் தளத்தில் தேடுங்கள். "செயல்படுத்தப்பட்டுள்ளது" என்று வந்தும் சாதாரணப் பில் வந்தால் காரணம் கேளுங்கள். விலக்கு உள்ளவர்களுக்கும் அப்படிக் காட்டக்கூடும். வரம்பைத் தாண்டியும் விலக்கு பெற்றவர் அதைப் பில்லிலேயே எழுதிக் கொடுக்க வேண்டும் என்று விதி இருக்கிறது, அந்த வாசகத்தைத் தேடுங்கள்.

## வழி 3: முழுப் பணம் கொடுத்துவிட்டு, வராத இன்புட்டை அடுத்த பில்லில் கழிப்பது

பெரும்பாலானவர்கள் செய்வது இதுதான். தொடர் கணக்கு ஓடும் பார்ட்டியிடம் இதில் தவறில்லை. மாதம் நான்கு பில் வருகிறது, எப்போதும் ஒரு மாதச் சரக்குக்கு நாம் கடன் வைத்திருக்கிறோம் என்றால், இன்புட் வராத தொகையைக் கழித்துக்கொள்ள அந்த நிலுவையே ஈடு. அப்படி நிலுவை வைக்காமல் ரொக்கத்துக்கு வாங்குபவருக்கும், ஒரே ஒருமுறை இயந்திரம் வாங்குபவருக்கும் இது பொருந்தாது. பணம் போன பிறகு நம் கையில் இருப்பது தொலைபேசி மட்டும்தான்.

## ஒரு கணக்கு: கோவைப் பம்ப் கம்பெனி

வழக்கமான எண்களை வைத்து ஒரு கணக்கு போடுகிறேன். பம்ப் செய்யும் ஒருவர் மாதம் ஒரு லோடு காஸ்டிங் வாங்குகிறார், வரி 18%. முதல் சப்ளையருக்கு 12 கோடி வியாபாரம், இ-இன்வாய்ஸ் போடுகிறார், மாத ரிட்டர்ன். அவர் விலை 4,00,000, வரி 72,000. இரண்டாவது சப்ளையருக்கு 2.5 கோடி வியாபாரம், இ-இன்வாய்ஸ் கிடையாது, காலாண்டு ரிட்டர்ன். அவர் விலை 3,92,000, வரி 70,560.

இரண்டாமவர் 8,000 ரூபாய் மலிவு. ஜூலை 5 பில்லை அவர் காலாண்டு GSTR-1-ல் அக்டோபர் 13-க்குள்தான் காட்டுவார், அக்டோபர் 14 GSTR-2B-யில் வரும். முதலாமவர் பில்லுக்கு ஆகஸ்ட் 20-ல் கிடைக்கும் இன்புட், இவரிடம் அக்டோபர் 20-க்குத் தள்ளிப்போகிறது. இரண்டு மாதத் தாமதத்துக்கு வருட வட்டி 12% என்று வைத்தாலும் செலவு சுமார் 1,411 ரூபாய்தான். அதைக் கழித்தாலும் அவர் 6,589 ரூபாய் மலிவு. தாமதத்துக்குப் பயந்து சின்ன சப்ளையரை விடுகிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். தாமதம் மலிவானது. இன்புட் வராமலே போவதுதான் விலை உயர்ந்தது. 70,560-ஐ 6,589-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 11. அவருடைய பதினொரு பில்களில் ஒன்றுக்கு மேல் இன்புட் தவறினால் இந்த மலிவு காணாமல் போய்விடும், அதற்குக் குறைவு என்றால் அவரிடம் வாங்குவதே லாபம்.

அவருடைய வரியை அக்டோபர் 14 வரை நிறுத்தலாமே என்றால், அது 101 நாள். 45 நாள் கெடு எங்கோ பின்னால் நிற்கும். அதனால் இவரிடம் கேட்க வேண்டியது வேறு: ஐஎஃப்எஃப். காலாண்டின் முதல் இரண்டு மாதங்களிலும், மாதத்துக்கு 50 லட்சம் வரை பில்களை அடுத்த மாதம் 13-க்குள் தனியாக ஏற்றும் வசதி அது. கட்டாயம் இல்லை என்பதால் பலர் செய்வதில்லை. அவர் ஏற்றிவிட்டால் ஜூலை பில் ஆகஸ்ட் 14-லேயே நம் GSTR-2B-யில் வந்துவிடும், 40-ஆவது நாளில் வரியைக் கொடுத்துவிடலாம். விலை குறைக்கச் சொல்லிப் பேரம் பேசுவதைவிட ஐஎஃப்எஃப் போடச் சொல்லிப் பேரம் பேசுவதே இங்கே மதிப்புள்ளது.

இப்போது நான்காவது கேள்விக்கு வருவோம். முதலாமவரே ஜூலை வரியைக் கட்டாமல் விட்டுவிட்டார் என்று வையுங்கள். ஜூலை பில் GSTR-1-ல் ஏறியிருக்கிறது, GSTR-2B-யிலும் வந்துவிட்டது, எல்லாம் சரியாகத் தெரிகிறது. ஆனால் முந்தைய மாத GSTR-3B போடாதவரை அடுத்த மாத GSTR-1 போட 59(6) விதி விடாது. ஆகவே செப்டம்பர் 14-ல் அவருடைய ஆகஸ்ட் பில் நம் GSTR-2B-யில் இருக்காது. அதுதான் நமக்குக் கிடைக்கும் முதல் அறிகுறி. இதற்கு நடுவே ஆகஸ்ட், செப்டம்பர் பில்களுக்கு அவருக்கு ஐஆர்என் தடையில்லாமல் கிடைத்திருக்கும். ஐஆர்என் பார்த்துப் பணம் கொடுத்தவரிடமிருந்து ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் மூன்று மாத வரி, 2,16,000 ரூபாய், ஏற்கெனவே போயிருக்கும். GSTR-2B வரை நிறுத்தியவரிடமிருந்து போனது ஜூலையின் 72,000 மட்டும். மீதி 1,44,000 கையில் இருக்கிறது, பேச்சுவார்த்தையை அங்கிருந்து ஆரம்பிக்கலாம்.

| | ஐஆர்என் பார்த்து உடனே | GSTR-2B வரை வரியை நிறுத்தி | முழுசாகக் கொடுத்துப் பிறகு கழித்து |
|---|---|---|---|
| எப்போது தெரியும் | பில் வந்த அன்றே, ஆனால் அறிவிப்பு மட்டும் | அடுத்த மாதம் 14 | அடுத்த மாதம் 14, பணம் போன பிறகு |
| விற்றவர் மாற்ற முடியுமா | 24 மணி நேர ரத்து, GSTR-1 திருத்தம் | பின்னால் திருத்தினாலும் அதற்குள் ஒரு மாத வரிதான் போயிருக்கும் | முடியும் |
| யார் பணம் முடங்கும் | வாங்குபவர் | மாத ரிட்டர்ன் என்றால் யாருடையதும் இல்லை | வாங்குபவர் |
| வரி கட்டாவிட்டால் | மூன்று மாத வரி வரை | ஒரு மாத வரி | நிலுவை எவ்வளவோ அவ்வளவுக்குப் பாதுகாப்பு |
| கெடு ஆபத்து | இல்லை | 45 நாள், 180 நாள் | இல்லை |

## யாரிடம் எந்த வழி

இ-இன்வாய்ஸ் போடும், பல வருடமாக 20-ஆம் தேதி தவறாத பெரிய சப்ளையரிடம் வழி 1 போதும். மூன்றாம் நாள் ஐஆர்என் நிலை, 14-ஆம் தேதி GSTR-2B-யில் ஐஆர்என் கட்டம், இந்த இரண்டையும் பார்த்தால் சரி. இ-இன்வாய்ஸ் போட்டாலும் புதிய சப்ளையர் என்றால் முதல் சில மாதங்கள் வழி 2, ஐஆர்என் சரிபார்ப்பும் சேர்த்து. இந்த இரண்டும் ஒன்றின் ஓட்டையை இன்னொன்று அடைக்கிறது, அதனால் சந்தேகம் இருக்கும் இடத்தில் இரண்டையும் செய்யுங்கள். 5 கோடிக்குக் கீழே உள்ளவரிடம் ஐஎஃப்எஃப் என்ற நிபந்தனையோடு வழி 2. அவர் முடியாது என்றால், நிலுவை ஓடும் கணக்காக இருந்தால் வழி 3, இல்லாவிட்டால் மேலே போட்ட 11-இல் ஒன்று கணக்கைப் போட்டு முடிவெடுங்கள். எல்லாரிடமும் வழி 2 என்று கண்ணை மூடிக்கொண்டு போகும் கம்பெனிகளை எனக்குத் தெரியும். நல்ல சப்ளையர்கள் மெல்ல விலையில் அதை ஏற்றிவிடுகிறார்கள்.

சப்ளையர் எந்த வகை என்று தெரிய அவரைக் கேட்க வேண்டியதில்லை. gst.gov.in-ல் அவருடைய ஜிஎஸ்டி எண்ணைத் தேடினால் எந்த மாத GSTR-1, GSTR-3B எந்தத் தேதியில் போட்டார் என்ற பட்டியல் வரும். மாதமா காலாண்டா, 20-ஆம் தேதி போடுபவரா அடுத்த மாதம் வரை இழுப்பவரா என்பது அதிலேயே தெரிந்துவிடும். கொள்முதல் ஆர்டர் போடும் முன் இதைப் பார்ப்பது மேலே சொன்ன எந்த வழியையும்விடச் செலவு குறைந்தது.

ஐஆர்என் இருந்தும் GSTR-2B-யில் பில் வரவில்லை என்றால், முதலில் ஜிஎஸ்டி தளத்தில் நமக்கு வந்த பில்களைக் காட்டும் ஐஎம்எஸ்-ஐப் பாருங்கள். 2024 அக்டோபர் முதல் இருக்கும் இந்தத் திரையில் நம் ஆள் யாராவது அந்தப் பில்லை "நிராகரி" அல்லது "நிலுவை" என்று குறித்திருந்தால் GSTR-2B-யில் இன்புட்டாக வராது. எதையும் குறிக்காமல் விட்டால் ஏற்றதாகவே கொள்ளப்படும். அங்கேயும் இல்லை என்றால் விற்றவர் GSTR-1 போட்டாரா, தேதி தாண்டிப் போட்டாரா என்று பாருங்கள், தாண்டியிருந்தால் அடுத்த மாதம் வரும். GSTR-1-லிருந்து நீக்கியிருந்தால் திரையைப் படமெடுத்து, ஐஆர்என்-ஐக் குறிப்பிட்டு, எழுத்தில் கேளுங்கள். ஒரு நிதியாண்டின் பில்லுக்கு இன்புட் எடுக்க, அந்த நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30 வரைதான் அவகாசம். அதற்கு முன்பே வருடாந்திர ரிட்டர்ன் போட்டுவிட்டால் அதோடு சரி.

GSTR-2B-யில் வந்து, இன்புட் எடுத்து, விற்றவர் மட்டும் GSTR-3B போடவில்லை என்றால் 37A விதி. நிதியாண்டு முடிந்து வரும் செப்டம்பர் 30 வரை அவர் போடவில்லை என்றால் அதையடுத்த நவம்பர் 30-க்குள் நாம் இன்புட்டைத் திருப்ப வேண்டும், அவர் எப்போது போடுகிறாரோ அப்போது மறுபடி எடுத்துக்கொள்ளலாம். சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021-ல், கச்சா ரப்பர் ஷீட் வியாபாரி டி.ஒய்.பீத்தெல் எண்டர்பிரைசஸ் வழக்கில், வரியை வாங்கிக்கொண்டு கட்டாத விற்பனையாளரை விசாரிக்காமல் வாங்கியவரிடம் மட்டும் வசூலிக்கப் போனதைத் தவறு என்று உத்தரவை ரத்து செய்தது. நோட்டீஸ் வந்தால் அது கை கொடுக்கக்கூடும். ஆனால் 2022 மாற்றங்களுக்கு முந்தைய தீர்ப்பு அது, அதை நம்பிப் பணத்தை முன்கூட்டியே கொடுக்காதீர்கள். வங்கி வழியாகக் கொடுத்த ஆதாரம், இ-வே பில், சரக்கு உள்ளே வந்த எடைச்சீட்டு இவற்றைப் பில்லோடு சேர்த்து வையுங்கள், ஐஆர்என் சரக்கு வந்ததை நிரூபிக்காது.